பூஜ்ஜியம் பைட் எழுத்துருக்கள்: பென்டிரைவில் ஏறாமல் போன இன்னொரு பாதி

2019-இல் சென்னையில் ஒரு சிறு பதிப்பகத்திலிருந்து கூப்பிட்டார்கள். பழைய மேக் கணினியிலிருந்து எடுத்து வைத்த தமிழ் எழுத்துருக்கள் ஒன்றுகூடத் திறக்கவில்லையாம். வைரஸ் எதுவும் தின்றுவிட்டதா என்று கேட்டார்கள். போய்ப் பார்த்தேன். விண்டோஸ் கணினியில் ஒரு ஃபோல்டர், அதில் 43 கோப்புகள், எல்லாவற்றுக்கும் பெயர் சரியாக இருந்தது, எல்லாவற்றின் அளவும் 0 பைட்.

எழுத்துரு போனால் வேறொன்றைப் போட்டுக்கொள்ளலாமே என்று இன்றைய யூனிகோடு பழக்கத்தில் தோன்றும். 1990-களில் தமிழ் அச்சுக்கோப்பு அப்படி நடக்கவில்லை. எழுத்துரு செய்த ஒவ்வொரு நிறுவனமும் தனக்கென ஒரு குறியாக்கம் வைத்திருந்தது. ஒன்றில் 'க' உட்கார்ந்த இடத்தில் இன்னொன்றில் 'ணை' இருக்கும். பக்கம் அமைக்கும் மென்பொருளான பேஜ்மேக்கரின் கோப்பில் இருப்பது வெறும் எண்கள்தான். அந்த எண் எந்த எழுத்து என்பதைச் சொல்வது எழுத்துரு மட்டுமே. ஆக, எழுத்துரு தொலைந்தால் பத்து ஆண்டு இதழ்களின் உள்ளடக்கமும் லத்தீன் எழுத்தும் குறிகளும் கலந்த குப்பையாகிவிடும். பேஜ்மேக்கர் கோப்புகள் பத்திரமாக வந்திருந்தன. அவற்றைப் படிக்கும் சாவி மட்டும் வரவில்லை.

கோப்புகளை மாற்றிய இளைஞர் பொறுப்பில்லாதவர் அல்ல. முதலில் அதைச் சொல்லிவிட வேண்டும். "அண்ணா, எண்ணிப் பார்த்தேன், எம்டி5 கூட ஒத்துப் பார்த்தேன். எல்லாம் சரியா இருந்ததுக்கு அப்புறம்தான் மேக்கை அழிச்சேன்" என்றார். எம்டி5 என்பது கோப்பின் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும் கைரேகை மாதிரியான ஒரு மதிப்பு. மேக்கின் டெர்மினலில் `md5` ஓட்டி ஒரு பட்டியல், விண்டோஸில் `Get-FileHash -Algorithm MD5` ஓட்டி இன்னொரு பட்டியல். இரண்டையும் எடுத்துக் காட்டினார். வரிக்கு வரி பொருந்தின.

பட்டியலை ஒருமுறை ஓட்டிப் பார்த்ததும் விஷயம் புரிந்துவிட்டது. எழுத்துரு ஃபோல்டரின் 43 வரிகளிலும் ஒரே மதிப்பு:

```
d41d8cd98f00b204e9800998ecf8427e
```

இது எதுவுமே இல்லாத கோப்பின் எம்டி5. கோப்புகளோடு புழங்குகிறவர்களுக்கு இது மனப்பாடமாக இருக்கும். விண்டோஸ் பக்கம் இந்த மதிப்பு வந்தால் வியப்பில்லை, அங்கே கோப்புகள் காலி. ஆனால் மேக்கிலும், எழுத்துருக்கள் நன்றாக ஓடிக்கொண்டிருந்த நாளிலேயே, இதே மதிப்புதான் வந்திருக்கிறது. அப்படியானால் எழுத்துரு அந்தக் கோப்பில் வேறெங்கோ இருந்திருக்கிறது. `md5` பார்க்கும் இடத்தில் அது எப்போதுமே இருந்ததில்லை.

ஒரு பெயர், இரண்டு உடம்பு

1984-இல் வந்த முதல் மேக்கின்டோஷிலிருந்தே அங்கே ஒரு கோப்புக்கு இரண்டு கிளைகள் உண்டு. ஒன்று தரவுக் கிளை, இன்னொன்று ரிசோர்ஸ் கிளை. முதலாவது நாம் எல்லோரும் கோப்பு என்று சொல்வது, அதாவது ஒரு வரிசையில் நிற்கும் பைட்டுகள். இரண்டாவதில் படம், மெனு, உரையாடல் பெட்டி, எழுத்துரு போன்றவை நான்கெழுத்து வகைப் பெயருடன் அடுக்கப்பட்டிருக்கும். அந்தக் காலத்து மேக் எழுத்துருப் பெட்டிகளில் முழுச் சரக்கும் ரிசோர்ஸ் கிளையில்தான். ட்ரூடைப் என்றால் `sfnt` என்ற வகையிலும், போஸ்ட்ஸ்கிரிப்ட் டைப் 1 என்றால் `POST` என்ற வகையிலும் எழுத்து வடிவங்கள் இருக்கும். தரவுக் கிளை காலி. மேக்கின் ஃபைண்டர் இரண்டு கிளைகளையும் கூட்டி 48 கேபி என்று காட்டும். `ls -l` முதல் கிளையை மட்டும் பார்த்து 0 என்று சொல்லும். இரண்டும் பொய்யில்லை.

மேக் ஓஎஸ் எக்ஸ் காலத்தில் இந்த இரண்டாம் கிளை ஒரு நீட்சிப் பண்பாகவும் தெரியத் தொடங்கியது. நீட்சிப் பண்பு என்பது கோப்போடு ஒட்டிக்கொண்டிருக்கும் பெயர்-மதிப்பு ஜோடி. இன்றைய மேக்கில் இப்படிப் பார்க்கலாம்:

```
ls -l@ பழைய_எழுத்துரு
ls -l  பழைய_எழுத்துரு/..namedfork/rsrc
```

முதல் கட்டளையில் `com.apple.FinderInfo` 32 பைட் என்றும், `com.apple.ResourceFork` இத்தனை ஆயிரம் பைட் என்றும் வரும். கோப்பின் அளவு 0 என்று மேல்வரியில் நிற்க, கீழே அதன் பண்பு 48 ஆயிரம் பைட் என்று நிற்பதைப் பார்க்க எனக்கு இன்றும் கொஞ்சம் வேடிக்கையாகத்தான் இருக்கிறது.

இதை எங்கே வைக்கிறார்கள் என்பதுதான் முக்கியம். மேக்கின் எச்எஃப்எஸ் பிளஸ் கோப்பு முறைமையில் ஒவ்வொரு கோப்புக்கும் 248 பைட் நீளப் பதிவு ஒன்று இருக்கும். அதில் தரவுக் கிளை எங்கே தொடங்குகிறது, எவ்வளவு நீளம் என்று எழுத 80 பைட், ரிசோர்ஸ் கிளைக்கு இன்னொரு 80 பைட். இரண்டு நாற்காலி போட்டு வைத்திருக்கிறார்கள். பென்டிரைவின் ஃபேட்32 கோப்பு முறைமையில் ஒரு கோப்புக்கான பதிவு மொத்தமே 32 பைட்தான். பெயர், சில கொடிகள், நேரங்கள், கோப்பு தொடங்கும் சேமிப்புத் துண்டின், அதாவது கிளஸ்டரின் எண், அளவு. தொடக்கம் ஒன்று, அளவு ஒன்று, அவ்வளவே. இரண்டாவது உடம்பை எழுதி வைக்க அங்கே இடமே கிடையாது. எக்ஸ்ஃபேட்டிலும் இதே கதை. அதன் வடிவமைப்பில் 'ஸ்ட்ரீம் எக்ஸ்டென்ஷன்' என்றே ஒரு பதிவு உண்டு, பெயரைப் பார்த்து ஏமாந்துவிடக் கூடாது. அதுவும் ஒரே ஒரு ஸ்ட்ரீமின் தொடக்கத்தையும் நீளத்தையும்தான் சொல்கிறது.

அப்படியானால் பென்டிரைவில் ஏறியது என்ன?

ஏறியது. அதுதான் இந்த நிகழ்வில் வயிற்றெரிச்சலான பகுதி. இடமில்லாத கோப்பு முறைமையில் எழுதும்போது மேக் அந்த இரண்டாம் பாதியைக் கீழே போட்டுவிடுவதில்லை. இன்னொரு தனிக் கோப்பாக, அதே பெயருக்கு முன்னால் `._` சேர்த்து, பக்கத்திலேயே எழுதி வைக்கும். ஆப்பிள்டபுள் என்று பெயர். இணையத் தரநிலை ஆவணமான ஆர்எஃப்சி 1740-இல் 1994-லேயே விளக்கப்பட்ட பழைய வடிவம். `Kural` என்ற எழுத்துருவை பென்டிரைவுக்கு இழுத்துப் போட்டால் 0 பைட்டில் ஒரு `Kural`, எழுபது கேபி அளவில் ஒரு `._Kural` என்று இரண்டு கிடைக்கும். மேக்கில் அதே பென்டிரைவைத் திறந்தால் ஒன்றாகவே தெரியும்.

இளைஞர் பென்டிரைவை விண்டோஸில் போட்டிருக்கிறார். மறைந்த கோப்புகளையும் காட்டச் சொல்லி வைத்திருந்த கணினி. ஃபோல்டர் முழுக்க `._` கோப்புகள். மேக்கிலிருந்து வந்த பென்டிரைவில் இவை வருவது எல்லோருக்கும் பழக்கம், குப்பை என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். பத்தில் ஒன்பது தடவை அது சரியும்கூட. இன்றைய படங்களுக்கும் பிடிஎஃப்புக்கும் பக்கத்தில் வரும் `._` கோப்பில் பெரும்பாலும் 4096 பைட்டில் இங்கிருந்து பதிவிறக்கியது, இன்ன நிறக் குறி என்ற அளவுக்குத்தான் செய்தி இருக்கும், அழித்தால் யாருக்கும் தெரியாது. எனவே `._*` என்று தேடி எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்து அழித்தார். மீதியை ஹார்டு டிஸ்குக்கு நகலெடுத்தார். கோப்பு எண்ணிக்கை இப்போது மேக்கின் எண்ணிக்கையோடு கச்சிதமாகப் பொருந்தியது. எம்டி5 பொருந்தியது. மேக்கின் டிஸ்க் அழிக்கப்பட்டுப் பழைய சாமான் கடைக்குப் போனது.

நானாக இருந்தாலும் அளவு வாரியாக ஒருமுறை வரிசைப்படுத்திப் பார்த்திருப்பேன் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டேன். ஆனால் ஆயிரக்கணக்கான கோப்புகளுக்கு நடுவே இந்த 43 எப்படிக் கண்ணில் பட்டிருக்கும் என்பது வேறு கேள்வி.

பென்டிரைவைக் கையில் வாங்கியது

"அந்த பென்டிரைவ் எங்கே?" என்பதுதான் நான் கேட்ட அடுத்த கேள்வி. இருந்தது. ஆனால் இடையில் யாரோ ஒருவருடைய கல்யாணப் பத்திரிகையின் பிடிஎஃப்பை அதில் போட்டு அச்சகத்துக்கு எடுத்துப் போயிருந்தார்கள். சரி, ஒரு கோப்புதானே என்று ஆறுதல் சொல்லிக்கொண்டு, பென்டிரைவில் இனி எதையும் எழுதாதபடி முதலில் அதன் முழுப் படியையும் ஒரு இமேஜ் கோப்பாக எடுத்தேன். பிறகு அந்த இமேஜை டெஸ்ட்டிஸ்க் கருவியில் திறந்து, அழிந்த கோப்புகளின் பட்டியலைக் கேட்டேன்.

ஃபேட்32-இல் கோப்பை அழிப்பது என்றால் உண்மையில் நடப்பது கொஞ்சம்தான். அடைவுப் பதிவின் முதல் பைட் `E5` என்று மாறும். எந்தக் கிளஸ்டருக்குப் பின் எந்தக் கிளஸ்டர் என்று சொல்லும் சங்கிலி துடைக்கப்படும். தொடக்கக் கிளஸ்டரும் அளவும் பெரும்பாலும் பதிவிலேயே இருக்கும். முதல் பைட் மாறுவதால் பெயரின் முதல் எழுத்து போகும் என்பார்கள், அது எட்டு எழுத்துக் குறும்பெயருக்குத்தான். `._` என்று தொடங்கும் பெயர் அந்தப் பழைய விதிக்குள் அடங்காது என்பதால் அதற்கு நீள்பெயர்ப் பதிவும் எழுதப்பட்டிருக்கும். அதன் முதல் பைட் வெறும் வரிசை எண், பெயரில் கைவைக்காது. அதனால் 43 பெயர்களும் முழுசாகக் கிடைத்தன.

பெயர் கிடைத்தால் உள்ளடக்கமும் கிடைத்ததாக அர்த்தமில்லை. சங்கிலி போய்விட்டதால் மீட்புக் கருவி ஓர் ஊகத்தில்தான் வேலை செய்கிறது: தொடக்கக் கிளஸ்டரிலிருந்து கோப்பு தொடர்ச்சியாக இருந்திருக்கும் என்ற ஊகம். காலி பென்டிரைவில் ஒரே மூச்சில் நகலெடுத்தால் அது பெரும்பாலும் உண்மை. உண்மையா என்று ஒவ்வொன்றையும் சோதிக்க வேண்டும்.

ஆப்பிள்டபுளின் தலைப்பகுதி எளிமையானது. முதல் நான்கு பைட் `00 05 16 07`. அப்புறம் பதிப்பு எண், 16 பைட் வெற்றிடம், எத்தனை பகுதிகள் என்ற எண்ணிக்கை. ஒவ்வொரு பகுதிக்கும் அதன் அடையாள எண், எங்கே தொடங்குகிறது, எவ்வளவு நீளம் என்று 12 பைட். அடையாள எண் 9 என்றால் ஃபைண்டர் தகவல், 2 என்றால் ரிசோர்ஸ் கிளை. நமக்கு வேண்டியது 2 மட்டும். அதைப் பிரித்தெடுக்க எழுதியது இவ்வளவுதான்:

```python
import struct, sys
b = open(sys.argv[1], "rb").read()
magic, ver, n = struct.unpack(">II16xH", b[:26])
assert magic == 0x00051607
for i in range(n):
    p = 26 + 12 * i
    eid, off, length = struct.unpack(">III", b[p:p+12])
    if eid == 2:
        open(sys.argv[2], "wb").write(b[off:off+length])
```

தலைப்பகுதி சரியாக இருந்தால் மட்டும் போதாது. வால் வேறொரு கோப்பினுடையதாக இருக்கலாம். இங்கே ரிசோர்ஸ் கிளையின் அமைப்பே ஒரு நல்ல சோதனையைத் தருகிறது. அதன் தொடக்கத்தில் நான்கு எண்கள் இருக்கும்: தரவு எங்கே, வரைபடம் எங்கே, தரவின் நீளம், வரைபடத்தின் நீளம். அந்த வரைபடத்தில்தான் `sfnt`, `POST`, `FOND` என்ற வகைப் பெயர்கள் எழுதியிருக்கும், அது வழக்கமாகக் கிளையின் கடைசியில் இருக்கும். தலை சொல்லும் இடத்துக்குப் போய்ப் பார்க்கும்போது அந்த நான்கெழுத்துகள் அங்கே இருந்தால், தலையும் வாலும் ஒரே உடம்பின் பகுதிகள் என்று பெருமளவு நம்பலாம். நடுவில் ஒரு கிளஸ்டர் மாறியிருந்தால் இது காட்டிக்கொடுக்காது. அதற்கு எழுத்துருவைத் திறந்து ஒவ்வொரு எழுத்தையும் கண்ணால் பார்ப்பதைத் தவிர வேறு வழி எனக்குத் தெரியவில்லை.

31 தேறின. நான்கில் தலை இருந்தது, வால் வேறொன்றுடையது. எட்டில் தலையே இல்லை. அந்த எட்டில் ஒன்று `%PDF` என்று தொடங்கியது, மணமக்களை வாழ்த்திவிட்டு அடுத்ததைப் பார்த்தேன்.

பிரித்தெடுத்த கிளைகளுக்கு `.dfont` என்று பெயர் வைத்தேன். மேக் ஓஎஸ் எக்ஸ் கொண்டுவந்த அந்த வடிவம் வேறொன்றுமில்லை, ரிசோர்ஸ் கிளையை அப்படியே எடுத்துச் சாதாரணக் கோப்பின் உள்ளடக்கமாக வைத்ததுதான். பிறகு `fondu` என்ற பழைய இலவசக் கருவி `sfnt` இருந்த இடத்தில் டிடிஎஃப் கோப்பையும், `POST` இருந்த இடத்தில் பிஎஃப்பி கோப்பையும் கொடுத்தது. முதல் டிடிஎஃப்பைத் திறந்தபோது பதிப்பகத்தின் பழைய வடிவமைப்பாளர் பின்னால் நின்றுகொண்டிருந்தார். "தம்பி, இதுல ஸ்ரீ ரொம்ப அழகா இருக்கும், அதப் பாருங்க" என்றார். எந்த விசையில் இருக்கிறது என்றும் அவரே சொன்னார்.

மீதி 12, ஒரு பழைய சர்வர்

அவர்தான் இன்னொன்றையும் நினைவுபடுத்தினார். அந்தக் காலத்தில் மேக்குகள் எல்லாம் விண்டோஸ் சர்வர் ஒன்றோடு இணைக்கப்பட்டிருந்தன, எழுத்துருக்களின் ஒரு நகல் அங்கே இருந்திருக்கும் என்றார். சர்வர் இறந்து பல ஆண்டாகிவிட்டது, ஆனால் அதன் டிஸ்க் பீரோவில் இருந்தது. இளைஞர் அதை ஏற்கெனவே யூஎஸ்பி அடாப்டரில் மாட்டிப் பார்த்திருக்கிறார். "அதிலயும் எல்லாம் ஜீரோ பைட்தான் அண்ணா" என்றார்.

எக்ஸ்ப்ளோரர் காட்டிய அளவைப் பார்த்துச் சொன்னது அது. அந்த டிஸ்கில் இருந்தது விண்டோஸின் என்டிஎஃப்எஸ் கோப்பு முறைமை. 1993-இல் விண்டோஸ் என்டி 3.1-உடன் வந்த நாள் முதல் என்டிஎஃப்எஸ்ஸில் ஒரு கோப்புக்குப் பல தரவு ஸ்ட்ரீம்கள் இருக்கலாம். பெயரில்லாத ஒன்று நாம் பார்க்கும் உள்ளடக்கம். மற்றவை பெயருள்ளவை, கோப்புப் பெயருக்குப் பின் ஒரு முக்காற்புள்ளி போட்டு அழைக்க வேண்டும். இந்த வசதியை மைக்ரோசாஃப்ட் வைத்ததற்கு ஒரு முக்கியக் காரணமே மேக் கணினிகளின் இரண்டாம் கிளையைச் சர்வரில் வைத்துக்கொள்வதுதான். 'சர்வீசஸ் ஃபார் மேக்கின்டோஷ்' என்ற சேவை விண்டோஸ் சர்வர் 2003 வரை இருந்தது. அது ரிசோர்ஸ் கிளையை `AFP_Resource` என்ற ஸ்ட்ரீமிலும், ஃபைண்டர் தகவலை `AFP_AfpInfo` என்ற 60 பைட் ஸ்ட்ரீமிலும் எழுதும்.

கட்டளைச் சாளரத்தில் `dir` மட்டும் போட்டால் எக்ஸ்ப்ளோரர் சொன்னதையே சொல்லும். விஸ்டா காலத்தில் வந்த `/r` சேர்த்தால்தான் மற்றவை தெரியும். ஒரு கோப்புக்கு வந்த வரிகள்:

```
        0 Kural
       60 Kural:AFP_AfpInfo:$DATA
   71,384 Kural:AFP_Resource:$DATA
```

இளைஞர் நாற்காலியை இழுத்துப் பக்கத்தில் உட்கார்ந்தார்.

எடுப்பதில் நான் ஒரு சுற்று வீணாக்கினேன். பழக்கத்தில் டிஸ்கை லினக்ஸில் மாட்டினேன். அங்கே என்டிஎஃப்எஸ்-3ஜி இயக்கி இந்த ஸ்ட்ரீம்களை நீட்சிப் பண்புகளாகக் காட்டுகிறது. `getfattr` போட்டால் `user.AFP_Resource` என்று வரும். ஒரே பொருள், மேக்கில் கிளை, விண்டோஸில் ஸ்ட்ரீம், லினக்ஸில் பண்பு. ஆனால் லினக்ஸில் ஒரு பண்பின் மதிப்பு 64 கேபியைத் தாண்டக் கூடாது. சிறிய எழுத்துருக்கள் வந்தன, மேலே காட்டியது போன்ற 70 கேபி ஆசாமிகள் வரவில்லை. என்டிஎஃப்எஸ்ஸில் பெயருள்ள ஸ்ட்ரீமுக்கு அப்படி வரம்பு கிடையாது, முழுக் கோப்பு போலவே எவ்வளவு வேண்டுமானாலும் வளரலாம். திரும்ப விண்டோஸுக்கே வந்து, முக்காற்புள்ளி போட்ட பெயரை நேராகத் திறந்தேன்:

```python
import os
src, dst = r"E:\FONTS", r"C:\meetpu"
for f in os.listdir(src):
    try:
        d = open(os.path.join(src, f) + ":AFP_Resource", "rb").read()
    except OSError:
        continue
    open(os.path.join(dst, f + ".dfont"), "wb").write(d)
```

குறைந்த 12-இல் 9 இங்கே கிடைத்தன.

இடையில் நடந்த ஒன்றைச் சொல்ல வேண்டும். நான் டீ குடிக்கப் போன நேரத்தில், பாதுகாப்புக்கு ஒரு நகல் இருக்கட்டும் என்று இளைஞர் அந்த `FONTS` ஃபோல்டரை இன்னொரு பென்டிரைவுக்கு இழுத்துப் போட்டிருக்கிறார். எக்ஸ்ப்ளோரர் `Property Loss` என்ற தலைப்பில் ஒரு பெட்டியைக் காட்டி, இந்தக் கோப்பை அதன் பண்புகள் இல்லாமல் நகலெடுக்கட்டுமா என்று கேட்டிருக்கிறது. 'பண்புகள்' என்றதும் தேதி, எழுதியவர் பெயர் மாதிரி ஏதோ என்றுதானே நினைப்போம்? எழுத்துரு முழுவதையும் விட்டுவிட்டுக் காலி உறையை மட்டும் எடுக்கப் போகிறேன் என்பதுதான் அந்தக் கேள்வியின் அர்த்தம் என்று அந்த வாசகத்திலிருந்து எவராலும் ஊகிக்க முடியாது. அவர் 'ஆம்' அழுத்தியிருந்தார், நல்லவேளை, நகலெடுக்கத்தான் சொல்லியிருந்தார், வெட்டி ஒட்டவில்லை. கட்டளைச் சாளரத்தின் `copy` இந்தக் கேள்வியைக்கூடக் கேட்காது, சத்தமில்லாமல் விட்டுவிடும்.

இதே இழப்பை விண்டோஸ் வைத்திருக்கும் யாரும் வீட்டிலேயே பார்க்கலாம். உலாவியில் ஏதாவது ஒரு கோப்பைப் பதிவிறக்கி `dir /r` போட்டால் `Zone.Identifier` என்ற ஸ்ட்ரீம் தெரியும். அதில் `ZoneId=3` என்று இருக்கும், இணையத்திலிருந்து வந்தது என்று பொருள். 2004-இல் எக்ஸ்பியின் சர்வீஸ் பேக் 2-உடன் வந்த ஏற்பாடு இது. இதைப் பார்த்துத்தான் விண்டோஸ் எச்சரிக்கை காட்டுகிறது, ஆஃபீஸ் மேக்ரோவைத் தடுக்கிறது. அந்தக் கோப்பை ஃபேட்32 பென்டிரைவுக்குக் கொண்டுபோய்த் திரும்பக் கொண்டுவந்தால் ஸ்ட்ரீம் இருக்காது, எச்சரிக்கையும் வராது. அலுவலகங்களில் 'பென்டிரைவ்ல போட்டு எடுத்தா திறக்கும்' என்று சொல்லும் வித்தையின் ரகசியம் இதுதான்.

என் பங்குக்கு நானும்

40 எழுத்துருக்களும் இப்போது ஒரே உடம்புள்ள கோப்புகள். எதை எங்கிருந்து மீட்டேன், பென்டிரைவா சர்வரா, சோதனையில் என்ன தெரிந்தது என்பதை ஒவ்வொரு கோப்போடும் குறித்து வைக்க விரும்பினேன். தனிப் பட்டியல் தொலைந்துபோகும் என்று நினைத்து, என் லினக்ஸ் கணினியின் எக்ஸ்ட்4 டிஸ்கில் `setfattr` மூலம் `user.source` என்ற பண்பாகவே எழுதினேன். பிறகு `cp -a` போட்டு, பதிப்பகத்துக்குக் கொடுக்கவிருந்த எக்ஸ்ஃபேட் டிஸ்குக்கு நகலெடுத்தேன். ஒரு முணுமுணுப்புகூட வரவில்லை. கொடுப்பதற்கு முன் ஏதோ தோன்றி `getfattr -d` போட்டுப் பார்த்தால் எல்லாம் வெறுமை.

ஒரு வாரம் முழுக்க இதையே நோண்டிக்கொண்டிருந்தவன் செய்த வேலை இது. `cp`-இன் `-a` நீட்சிப் பண்புகளைக் கொண்டுபோக முயலும், ஆனால் முடியாவிட்டால் அதைச் சொல்லாது. அப்படித்தான் அதன் கையேட்டிலேயே எழுதியிருக்கிறது. முயற்சி என்றால் முயற்சி மட்டும்தான். `-p`-யோ அந்த முயற்சியையே செய்யாது. சொல்ல வேண்டும் என்றால் வெளிப்படையாகக் கேட்க வேண்டும்:

```
cp --preserve=xattr Kural.ttf /media/disk/
```

இப்படிப் போட்டதும் `Operation not supported` என்று குறை சொல்லித் தோல்விக் குறியீட்டுடன் முடிந்தது. `rsync`-இலும் இதே மாதிரிதான், `-a` போதாது, `-X` தனியாகச் சேர்க்க வேண்டும். என் குறிப்புகளைக் கடைசியில் ஒரு சாதாரண உரைக் கோப்பில் எழுதி அதே ஃபோல்டரில் வைத்தேன். தொலையக்கூடாது என்று எதற்காகப் பண்புகளில் எழுதினேனோ, அவற்றைவிட அந்த உரைக் கோப்புதான் பத்திரமாகப் பயணம் செய்கிறது.

பழைய மேக் டிஸ்க் இன்னும் உயிரோடு இருக்கும் வேறு இடங்களில் நான் இப்போது செய்வது, கோப்புகளை ஒவ்வொன்றாக எடுக்காமல் மேக்கிலேயே அவற்றை ஒரு பெட்டிக்குள் போட்டுவிடுவது. `hdiutil create` கட்டளையில் எச்எஃப்எஸ் பிளஸ் வடிவத்தில் ஒரு டிஎம்ஜி. இரண்டு கிளைகளும் அதற்குள் இருக்கும், வெளியே அது ஒரே கோப்பு, ஃபேட்32-க்கு அதில் என்ன இருக்கிறது என்று தெரிய வேண்டியதில்லை. 4 ஜிபியைத் தொட்டால் ஃபேட்32 மறுத்துவிடும் என்பதால் சிறிது சிறிதாகப் பிரிக்க வேண்டும். லினக்ஸில் `tar --xattrs` இதே வேலையைச் செய்யும், ஆனால் பிரிக்கும்போதும் `--xattrs` கொடுக்க மறந்தால் உள்ளே இருந்தும் வெளியே வராது. சரிபார்ப்பதற்கு எம்டி5 பட்டியலோடு நிறுத்துவதில்லை. மேக்கில் `ls -l@`, விண்டோஸில் `dir /r`, லினக்ஸில் `getfattr -d -m -` இவற்றின் பட்டியலை மூலத்திலும் நகலிலும் எடுத்து ஒப்பிடுகிறேன். அவகாசமில்லாத நாளில் ஒரே ஒரு சோதனை: `d41d8cd9` என்று தொடங்கும் வரிகள் மூலப் பட்டியலில் எத்தனை இருக்கின்றன என்று எண்ணுவது. காலிக் கோப்புகளை யாரும் ஆசையாகச் சேர்த்து வைப்பதில்லை.

மூன்று எழுத்துருக்கள் எங்கும் கிடைக்கவில்லை. இரண்டு தலைப்புக்கு மட்டும் பயன்பட்டவை, அச்சான இதழைப் பார்த்துத் தலைப்புகளைத் தட்டச்சு செய்துவிட்டார்கள். மூன்றாவது, ஏறக்குறைய இரண்டு ஆண்டு இதழ்களின் உடல் எழுத்து. அதற்கு ஒரு பக்கத்தின் அச்சுப் பிரதியை ஒரு கையிலும், அதே பக்கத்தின் பேஜ்மேக்கர் உரையிலிருந்து எடுத்த எண் வரிசையை இன்னொரு கையிலும் வைத்துக்கொண்டு, எந்த எண் எந்த எழுத்து என்று ஓர் அட்டவணை போட்டோம். வடிவமைப்பாளர் ஐயா வாசிப்பார், இளைஞர் எண்ணைக் கண்டுபிடித்து எழுதுவார். மூன்றாம் நாள் மாலை 'ஙௌ' வேண்டுமா என்று இளைஞர் கேட்டார். அந்த இதழில் அது ஒருமுறைகூட வந்ததில்லை என்று ஐயா சொல்ல, கட்டத்தைக் காலியாக விட்டு மாற்றியை ஓட்டினோம்.